கூட ஒரு ஆள்

ஆபீசில் அவருக்கு 'லவுஞ்சுக்காரர்' என்று பேர். பாட்டில்களில் லேபிள் ஒட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதுதான் அவருடைய தொழில். எந்த ஊர்த் தொழிற்சாலையில் லேபிள் கோணலாக விழுந்தாலும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுகிறவர் அவர். அலைச்சலைப் பார்த்து மனமிரங்கிய கம்பெனி, விமான நிலையங்களில் சொகுசாகக் காத்திருக்கும் அறைகளான லவுஞ்சுகளுக்குள் போய்வர ஓர் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுத்தது. வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை உள்ளே போகலாம். கூட ஆள் கூட்டிப் போனால் அந்த ஆளுக்கும் ஒரு தடவை கழியும். அவ்வளவுதான் சலுகை. மனுஷன் அதை ஏதோ அரண்மனைச் சாவி மாதிரி நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

தனக்கென்று அதிகம் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அதுதான் அவரிடம் இருந்த நல்ல குணம், அதுதான் தொல்லையும். புதிதாகச் சேர்ந்தவன் முதல் தடவை விமானம் ஏறுகிறான் என்றால், "வாப்பா, எங்கூட உள்ள வா" என்று தோளில் கை போட்டுவிடுவார். கணக்குப் பிரிவு மேனேஜர், இயந்திரம் வாங்கிய முதலாளி, பக்கத்து இருக்கையில் பேச்சுக் கொடுத்த முன்பின் தெரியாத ஆள் என்று எல்லாரும் அவர் தயவில் மெத்தை நாற்காலியில் சாய்ந்து, வேண்டிய மட்டும் சாப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே போனதும் தானே கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் போல, "இந்தப் பக்கம் படுக்கிற நாற்காலி, அந்தப் பக்கம் சூப்பு" என்று கை நீட்டிக் காட்டுவார்.

வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டியிடமும் அதே பெருமைதான். "உன்னை ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன் பாரு. காலை நீட்டிப் படுத்தேன்னா எந்திரிக்க மாட்டே" என்பார்.

"நான் எங்கேங்க விமானம் ஏறப்போறேன்? என் பயணமெல்லாம் அடுப்பங்கரைக்கும் துவைக்கிற கல்லுக்கும்தானே" என்பாள் அவள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

ஏறத்தான் செய்தாள். வயிற்றில் கட்டி. உள்ளூர் டாக்டர்கள் கையை விரித்த பிறகு, தூரத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனார். போகும்போது நேர் விமானம் கிடைத்தது. அங்கே வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், தைத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் அவரை மட்டும் தனியே கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. அவங்க ஆசைப்பட்டதைக் கொடுங்க" என்றார். வெளியே வந்து பெண்டாட்டியிடம், "மருந்திலேயே சரியாயிடுமாம்" என்றார் இவர். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வீட்டுக்குப் போகலாம். ஒரு நாள்கூட இங்கே இருக்க வேண்டாம்" என்றாள்.

உடனே கிளம்ப நேர் விமானத்தில் இடம் இல்லை. இரண்டு வழி இருந்தது. ஒன்று விடியற்காலை விமானம், நடுவில் கொஞ்ச நேரமே தங்கல். மற்றது சாவகாசமாகப் பகலில் கிளம்புவது, ஆனால் விமானம் மாறுகிற நடு ஊரில் அரை நாள் காத்திருக்க வேண்டும். டிக்கெட் போடுகிற பையன், "நோயாளி இருக்காங்க, காலையில போறதே போட்டுடட்டுமா?" என்று கேட்டான். லவுஞ்சுக்காரர் நெஞ்சுப் பையைத் தட்டிக் காட்டினார்.

"அவ்வளவு காலையில எழுப்பி இழுத்தடிக்க வேண்டாம்ப்பா. பகல் விமானமே போடு. நடுவுல லவுஞ்சு இருக்கு. நாலு தடவை மிச்சம் வெச்சிருக்கேன். அவ படுத்துத் தூங்கட்டும்."

அந்த நாலை அவர் மனசுக்குள் அவளுக்கென்றே எடுத்து வைத்திருந்தார். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து யாரையும் லவுஞ்சுக்குள் கூட்டிப் போகவில்லை. ஒரே ஒரு நாள் இரண்டு சக ஊழியர்கள் விடாமல் கேட்டபோதுகூட, லவுஞ்சை விட்டுவிட்டு வேறொரு விமான நிலையத்தில் இருந்த காபிக் கடைக்குத்தான் கூட்டிப் போனார். அந்தக் கடையிலும் அட்டையைக் காட்டினால் பில்லில் கழிவு உண்டு என்று பலகை வைத்திருந்தார்கள். காட்டினார், மூன்று பேரும் சாப்பிட்டார்கள், எழுந்து வந்தார்கள். கடைதானே, லவுஞ்சு இல்லையே என்று அதை அத்தோடு மறந்தார்.

நடு ஊரில் இறங்கியபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. விமானங்கள் எல்லாம் தாமதம். சக்கர நாற்காலி தள்ளி வந்தவர் லவுஞ்சு வாசல் வரை கொண்டுவந்து விட்டார். "உள்ள சோபா இருக்கும்மா, நாற்காலி அடுத்தவங்களுக்கு வேணும்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவள் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் கண்ணாடிக் கதவை எட்டிப் பார்த்து, "இதுதானா உங்க மாளிகை?" என்றாள்.

"ரெண்டு பேர்" என்று லவுஞ்சுக்காரர் அட்டையை நீட்டினார்.

மேசையில் இருந்த பெண் தேய்த்துப் பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். "சார், இதுல ஒரு தடவைதான் மிச்சம் இருக்கு."

"நாலு இருக்கும்மா. நல்லாப் பாரு."

"ஒண்ணுதான் காட்டுது சார்."

அட்டையின் பின்பக்கம் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "அந்தக் காபிக் கடையும் நம்ம பட்டியல்ல இருக்கு சார். லவுஞ்சு மாதிரியேதான். அங்க தேய்ச்சாலும் ஆளுக்கு ஒரு தடவை கழியும். மூணு பேருக்குத் தேய்ச்சிருக்கீங்க."

"அது கடைங்க! காபி குடிச்சேன்!"

"விதிமுறைல இருக்கு சார்."

போனை வைத்தார். பெண்டாட்டிக்கு என்று பூட்டி வைத்ததை எவனெவனுக்கோ காபி வாங்கித் தந்து தொலைத்துவிட்டிருந்தார். அதுவும் ஆசையாகச் சாப்பிட்ட காபிகூட இல்லை.

"சரிம்மா, அவளுக்குக் காசு கட்டிடறேன்."

அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "மத்த நாள்னா வாங்கிட்டு விட்டுடுவோம் சார். இன்னிக்கு உள்ள இடமே இல்ல. தடவை மிச்சம் இருக்கிறவங்களை மட்டும்தான் விடணும்னு மேல சொல்லிட்டாங்க."

"அப்ப அந்த ஒண்ணுல அவளை விடு. நான் வெளிய நிக்கிறேன்."

"அட்டை உங்க பேர்ல இருக்கு சார். நீங்க உள்ள இருந்தாத்தான் கூட ஒரு ஆள் வரலாம். ஒண்ணுதான்னா அது உங்களுக்குத்தான். அவங்களைத் தனியா விட முடியாது."

கெஞ்சினார். சத்தம் போட்டார். ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. அந்தப் பெண் மேலதிகாரிக்குப் போன் செய்து கேட்டாள், பாவம், அவளால் முடிந்தது அவ்வளவுதான். பதில் மாறவில்லை. "கீழ மருத்துவ அறை இருக்கு சார், அங்க படுக்க வைக்கலாம்" என்றாள்.

அதைக் கேட்டதும் பெண்டாட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாங்க. அங்க போனா விமானத்துல ஏத்த மாட்டேன்னு சொல்லிடுவாங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

இரும்பு நாற்காலிகளில் படுக்க வழியில்லை. யாரும் படுத்துவிடக் கூடாது என்றே ஒவ்வொன்றுக்கும் நடுவில் கைப்பிடி வைத்திருந்தான் எந்தப் புண்ணியவானோ. கடைசியில் லவுஞ்சுக் கதவுக்குப் பக்கத்துச் சுவரோரம், தரைவிரிப்பில் தன் கோட்டை விரித்துப் படுக்க வைத்தார். தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு அவள் மெல்லச் சாய்ந்தாள். பெட்டிச் சக்கரங்கள் அவள் தலைமாட்டில் கடகடத்துப் போயின. உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இத்தனை வருஷமா யாரையெல்லாம் உள்ள கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டாள்.

சொன்னார். மேனேஜர், முதலாளி, ஒவ்வொருவராக. அந்தப் பக்கத்து இருக்கைக்காரரையும் விடவில்லை.

"அவர் பேர் என்ன?"

"தெரியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுத்தது, வலியில் முகம் சுருங்கியது. "பேர் தெரியாதவனுக்கு மெத்தை. எனக்குத் தரை" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கோபப்படவே இல்லை.

மாத்திரை போட வெந்நீர் வேண்டும். பக்கத்தில் எங்கும் இல்லை. "போங்க, அந்த ஒண்ணுல நீங்க போயி வாங்கிட்டு வாங்க. நீங்களும் காலையிலேருந்து சாப்பிடல" என்று அவள்தான் தள்ளிவிட்டாள். கடைசித் தடவையைத் தேய்த்து உள்ளே போனார். ஒருவன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுக்கிற நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அடுத்த நாற்காலியில் அவனுடைய பை சுகமாகப் படுத்திருந்தது. அந்தப் பையைத் தூக்கி எறிய வேண்டும் என்று லவுஞ்சுக்காரருக்குக் கை துறுதுறுத்தது. எறியவில்லை. காகிதக் கோப்பையில் வெந்நீர் பிடித்துக்கொண்டு திரும்பினார். உள்ளே இருக்கிற எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. மேசைப் பெண் கோப்பையைப் பார்த்தாள், பிறகு கணினியைப் பார்க்கத் தொடங்கினாள்.

"அவ்வளவுதானா? அதுக்குள்ள வந்துட்டீங்க" என்றாள் பெண்டாட்டி. மாத்திரையை விழுங்கிவிட்டு, "உள்ள எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பெரிசா இல்ல. நாற்காலியெல்லாம் கிழிஞ்சு கிடக்கு. சூப்பு ஆறிப்போச்சு. ஒரே கொசு."

"நல்லாப் பொய் சொல்றீங்க. இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள். விமானம் வரும் வரை அவர் அந்த மாளிகையை ஒவ்வொரு செங்கலாக இடித்துக்கொண்டிருந்தார். பாதி கேட்டாள், பாதி வலியில் முனகினாள்.

வீடு வந்து சேர்ந்தாள். அடுத்த மாதமே போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பியவரை மறுபடி பெட்டியைத் தூக்கச் சொன்னார்கள். அதே நடு ஊர் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அதற்குள் அட்டையின் வருஷம் திரும்பியிருந்தது. பன்னிரண்டு தடவையும் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தன. உள்ளே போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நடந்தவரைக் கால்கள் அந்த வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தின. சுவரோரத்துத் தரைவிரிப்பில் யாருடைய பெட்டியோ நின்றிருந்தது.

மேசையில் அதே பெண். அவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனை முகத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வாள்? மழை இல்லை, வரிசை இல்லை, உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

"வாங்க சார். எத்தனை பேர்?"

"ரெண்டு போடும்மா."

அவள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "கூட வர்றவங்க எங்க சார்?"

"நீ போடு. கழிச்சுக்கோ."

"அப்படிப் போட முடியாது சார். ஆள் நேர்ல நிக்கணும்."

"தெரியும்மா" என்றார் லவுஞ்சுக்காரர். அட்டையைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு நின்னாளே."