பள்ளத்தில் ஒரு புள்ளி

புனேயில், போபோடியில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடை லூர்துசாமியுடையது. கடை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, மாதா படம், அவ்வளவுதான். முப்பது வருடமாக அங்கே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வருமான வரிக் கணக்கு எழுதித் தருகிறார். எழுதித் தருகிறார் என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். ஊருக்கெல்லாம் வரி இல்லாமல் செய்து தருகிறார்.

அந்த மனுஷனுக்கு ஒரே ஓர் ஆசை. செத்துப் போவதற்குள் ஒரு தடவையாவது வரி கட்டிவிட வேண்டும்.

சிரிக்காதீர்கள். நான் சிரித்தபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதற்குக் காரணம் ஜெகதீசன். வெடிமருந்து ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்தவர். தினமும் மாலை என் கடை வாசலில் சாய் குடிக்க வருவார். சம்பளக்காரர் என்பதால் மாதாமாதம் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சம் கொடுப்பார்கள். ஒளிக்க இடமில்லை, ஆனாலும் தானாக மனமுவந்து கொடுத்த மாதிரிதான் பேச்சு.

"லூர்து, நீ நடக்கிற ரோடு என்னோட டேக்ஸுல போட்டது. பாத்து நட, தேஞ்சுடப் போவுது" என்பார்.

வருடக்கணக்காக அதே ஜோக். லூர்துசாமி சாயைக் குடித்துவிட்டு உள்ளே போய்விடுவார். எனக்கே எரிச்சலாக வரும், அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

போன வருடம் பிப்ரவரியில் கிருஷ்ணப்ரியா லூர்துசாமியைத் தேடி வந்தாள். வசதியானவர்கள் குடியிருக்கும் மகர்பட்டாக்காரப் பெண். அப்பா அம்மா இரண்டு பேரும் ஐடி. இவள் பொருளாதார ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். தமிழ் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் கையால் தொட்டுப் பார்த்து எடுப்பாள்.

"அங்கிள், பேர் வேணாம். பேன் நம்பர் வேணாம். டேக்ஸபிள் இன்கம் மட்டும், ஒன்லி நம்பர்ஸ். பத்து வருஷத்துக்குக் கிடைக்குமா?"

முப்பது வருடத்தில் இவருடைய கணக்கை ஆர்வமாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். லூர்துசாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து பெயர்களை நீக்கிப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். வருடத்துக்கு அறுநூறு பேர். தன்னுடைய வருமானத்தையும் கடைசியில் சேர்த்திருந்தார். நிலையத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் சன்மானம் வாங்கித் தருவதாக அவள் சொன்னாள்.

பத்து நாள் கழித்து லேப்டாப்போடு வந்தாள். முகத்தில் பேயடித்த களை.

"என் கைடு இது டேட்டா எரர்னு சொல்றார்."

நானும் எட்டிப் பார்த்தேன். வருமானத்தை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று குச்சி குச்சியாக நிறுத்தியிருந்தாள். இடப்பக்கமிருந்து குச்சிகள் சாதுவாக வரிசையில் வருகின்றன. ஐந்து லட்சத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு குச்சி கோபுரம் மாதிரி எழும்பி நிற்கிறது. தாண்டினால் பள்ளம். ஆளே இல்லை.

"ஐந்து லட்சம் வரைக்கும் தள்ளுபடி, டேக்ஸ் ஜீரோ. பத்து ரூபா தாண்டினா பதிமூணாயிரம். அது ஒரு சுவர். சுவருக்கு முன்னாடி கும்பல் சேரும். அது எங்க புக்ல இருக்கு. ஆனா அறுநூறு பேர்ல இருநூத்திப் பதினொண்ணு பேரா?"

"நல்லா எண்ணிப் பாரும்மா. இருநூத்திப் பதினாலு இருக்கணும்" என்றார் லூர்துசாமி. குரலில் பெருமை வேறு.

அடுத்த படத்தைக் காட்டினாள். தள்ளுபடி ஏழு லட்சமாக உயர்ந்த வருடம். கோபுரம் மொத்தமாகப் பெயர்ந்து ஏழு லட்சத்துக்கு முன்னால் போய் நிற்கிறது.

"ஒரே வருஷத்துல இத்தனை பேருக்கும் ரெண்டு லட்சம் எப்படிக் கூடிச்சு அங்கிள்?"

"பட்ஜெட் நல்ல பட்ஜெட்டும்மா."

முதல் படத்தில் பத்து லட்சத்துக்கு முன்னாலும் ஒரு சின்ன மேடு தெரிந்தது. அவள் அதைத்தான் புரியாமல் பார்த்தாள். அங்கே சுவர் கிடையாது, விகிதம் இருபதிலிருந்து முப்பதாக மாறும் ஒரு மடிப்புதான். தாண்டிய பணத்துக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம், கீழே இருப்பதற்குப் பழைய விகிதமே. அதனால் அங்கே ஒதுங்கி நிற்க அவ்வளவு காரணமில்லை என்றாள்.

"அது முகுந்த் மாதிரி ஆளுங்க" என்றார் லூர்துசாமி. முகுந்த் பக்கத்து ஏரியா கட்கியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். "பத்து லட்சத்துக்கு மேல ஆயிரம் ரூபா போனா, மொத்தத்துக்கும் முப்பது பர்சென்ட்னு பயப்படுவான். ஆயிரத்துக்கு முந்நூத்திச் சொச்சம்தான்டா கூடும்னு நானும் வருஷா வருஷம் சொல்றேன். 'ஆமாண்ணே, புரியுது, ஆனா கீழயே போட்டுடுங்க'ம்பான்."

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, பட்டமே இதில்தான் தொங்குகிறது என்பதுபோலக் கேட்டாள். "வரி வரும்னு இவங்க உண்மையிலேயே வேலையைக் குறைக்கிறாங்களா? இல்ல எழுதறதை மட்டும் குறைக்கிறாங்களா?"

லூர்துசாமி மாதா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வேலைய ஒருத்தனும் குறைக்கலம்மா. நாலு பேரு மார்ச் மாசம் பில்ல நிறுத்தி ஏப்ரல்ல போடுவான். அது நான் சொல்லிக் கொடுத்தது. மத்தவனெல்லாம் பேனாவத்தான் குறைக்கிறான்."

மார்ச் இருபதுக்கு மேல் யார் பணம் கொண்டுவந்தாலும் "ஏப்ரல் ஒண்ணு வாங்க" என்று திருப்பி அனுப்பச் சொல்லித் தருவது இவர் வழக்கம். போபோடியில் இவருக்கு ஏப்ரல் சாமி என்றே பெயர்.

"அப்போ இந்தக் கும்பல் எல்லாம் மேலேயிருந்து இறங்கி வந்தவங்க. அதை வச்சுத்தான் கால்குலேஷன்" என்றாள்.

லூர்துசாமி தலையைச் சொறிந்தார். "எல்லாரும் இல்லம்மா. ஏறி வந்தவங்களும் இருக்காங்க."

"ஏறி?"

"நாலு லட்சம் சம்பாதிக்கிறவன் வீட்டு லோனுக்குப் போறான். அஞ்சு வரைக்கும் எவ்வளவு எழுதினாலும் வரி பூஜ்யம்தானே? கூட்டி எழுதச் சொல்றான். பொண்ணு பார்க்கப் போறவன் கேக்குறான். விசாவுக்குக் கேக்குறான். ஒரு அறுபது பேரு இருக்கும்." குரல் இறங்கிவிட்டது. "நானும்தான். அப்பல்லாம் நாலேகால்தான் வரும். நாலு தொண்ணூத்தொம்பது போடுவேன். ஜெகதீசன் மாதிரி ஆளுங்க முன்னாடி ரொம்பக் கீழ தெரியக் கூடாதில்ல."

கிருஷ்ணப்ரியா லேப்டாப்பை மூடினாள். ஒரு வருட வேலை போச்சு என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. மேலிருந்து இறங்கியவர்களை எண்ணி, வரிக்குப் பயந்து மக்கள் எவ்வளவு ஒதுங்குகிறார்கள் என்று கணக்கிடுவது அவள் சூத்திரம். கீழேயிருந்து ஏறி வந்தவர்களுக்கு அதில் இடமே இல்லையாம். எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு சாய் சொன்னேன்.

அவள் போன பிறகு நான் விடவில்லை. "ஏன்ணே, இத்தனை வருஷம் கூட்டி எழுதினீங்களே, இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதி வரியைக் கட்டித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"அறிவிருக்கா ஜம்பு உனக்கு? பொய் சொல்லி வரி கட்டினா அது வரியா? நெஜமா சம்பாதிச்சுத் தாண்டணும்டா."

அன்றுதான் தெரிந்தது, இவர் நிஜமாகவே நெருங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி வேலை கூடியிருந்தது. அந்த வருடம் கூட்டாமல் குறைக்காமல் ஏழு லட்சத்தைத் தொட்டுவிடும் போலிருந்தது. மார்ச் மாதம் முழுக்கத் தினமும் மாலை கால்குலேட்டரைத் தட்டிவிட்டு என்னிடம் வந்து எண்ணைச் சொல்வார். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி நானும் கேட்க ஆரம்பித்துவிட்டேன். ஆறு எண்பத்தாறு. ஆறு தொண்ணூற்று இரண்டு. வேடிக்கை என்னவென்றால், இவரிடம் பாடம் படித்த வாடிக்கைக்காரர்கள் இவருக்குத் தர வேண்டிய பணத்தையே ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேரை நோகாமல் வாழ வைத்த பாடம் குருவின் தலையிலேயே விழுந்தது.

மார்ச் முப்பத்தொன்று மதியம் ஸ்கோர் ஆறு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்துப் பத்து. அதற்கு மேல் யாரும் வரவில்லை. மேஜையைத் துடைத்துவிட்டு, "விடு, அடுத்த வருஷம்" என்றார். அடுத்த வருடத்துக்குத் தள்ளுபடியைப் பன்னிரண்டு லட்சமாக ஏற்றிவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த உயரத்தை இவர் இந்த ஜென்மத்தில் தாண்டப் போவதில்லை.

மூன்று மணிக்குக் கிருஷ்ணப்ரியா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் கவர்.

"அங்கிள், ஹானரேரியம். ரெண்டாயிரம். இங்க சைன் பண்ணுங்க."

லூர்துசாமியின் வாய் தானாகவே திறந்தது. "நாளைக்குக் குடும்மா. ஏப்ரல் ஒண்ணு."

முப்பது வருடப் பழக்கம். வாய்க்கு மூளை தேவைப்படவில்லை. நான் கடைக்குள்ளிருந்து பாய்ந்து வந்தேன்.

"நாளைக்கு முடியாது அங்கிள். இன்னிக்கு செலவு பண்ணலேன்னா எங்க கிராண்ட் லேப்ஸ் ஆயிடும். பணம் திரும்பிப் போயிடும்."

அவர் கால்குலேட்டரைத் தட்டினார். ஏழு லட்சத்துப் பத்து. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கவரை நீட்டியபடி அவள் நிற்கிறாள். இவர் கை மேஜைக்கு மேலே பாதி தூரம் வந்து நிற்கிறது. இத்தனை வருடமும் எல்லோரையும் எங்கே கொண்டுவந்து நிறுத்தினாரோ, அதே இடத்தில் இவர் கையும் நின்றுவிட்டது.

"வாங்கித் தொலைங்கண்ணே!" என்று கத்திவிட்டேன். தெருவில் போன ஒரு மராத்திப் பாட்டி திரும்பிப் பார்த்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டார்.

தாக்கல் காலம் வந்ததும் முதல் கணக்காகத் தன்னுடையதைப் போட்டார். ஏழு லட்சத் தள்ளுபடியோடு வந்த இந்தப் புதிய வரி முறையில் ஏழு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியவனுக்கு ஒரு சலுகை உண்டு, தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது. இவர் தாண்டியது பத்து ரூபாய். வரி பத்து ரூபாய். செஸ் என்கிற கூடுதல் வரி நாற்பது பைசா. பத்து பத்தாக முழுமையாக்கும்போது அந்த நாற்பது பைசாவும் உதிர்ந்துவிட்டது. பத்து ரூபாய் கட்டிய ரசீதை என்னிடம் கொண்டுவந்து லேமினேஷன் போடச் சொன்னார். லேமினேஷன் முப்பது ரூபாய். நான் வாங்கவில்லை.

அன்று மாலை ஜெகதீசன் வந்தார். அதற்கு முந்தின வருடம் ஜூனில் ரிட்டயர் ஆகிவிட்டவர், பென்ஷன்காரர். அவர் கணக்கையும் லூர்துசாமிதான் போட்டிருந்தார். சாயை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு எவ்வளவு லூர்து இந்தத் தடவை?" என்றார்.

"பூஜ்யம்ணே. நீங்க ஏழுக்குக் கீழ வந்துட்டீங்க."

ஜெகதீசன் சாய் டம்ளரைக் கீழே வைத்தார். ரோட்டைப் பார்த்தார். லூர்துசாமி அந்த ஜோக்கைத் திருப்பிச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். வாய்வரை வந்தது, தெரிந்தது. சொல்லவில்லை. சாய்க்கு மட்டும் அவரே காசு கொடுத்தார்.

கிருஷ்ணப்ரியா புதிய ஆராய்ச்சியாக, ஏறி வந்தவர்களைப் பற்றி எழுதுகிறாள். அந்த வருடக் கணக்குகளின் படத்தைப் போன வாரம் கொண்டுவந்து காட்டினாள். ஏழு லட்சத்துக்கு இந்தப் பக்கம் கோபுரம், அந்தப் பக்கம் பள்ளம். பள்ளத்தின் முதல் அடியில் ஒரே ஒரு புள்ளி.

"அங்க யாரும் நிக்க மாட்டாங்க, நின்னா ஒரு லாபமும் இல்லைன்னு எங்க தியரி சொல்லுது. என் கைடு கேட்டார், யார் இந்த முட்டாள்னு."

லூர்துசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"பேரு வேணாம்னு சொன்னியே," என்றார், "இதுல மட்டும் போட முடியுமாம்மா?"