ரோட்டுக்கு எந்தப் பக்கம்?

லிசாவிடம் பேசுகிற யாரும் தன் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் நழுவ முடியாது. சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் போன் தயாரிக்கிற ஆலை ஒன்றில் அவள் லைன் லீடர். புதிதாக ஒரு பெண் லைனில் வந்து நின்றால், தொப்பியைச் சரியாக மாட்டச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுவாள்: "எந்த ஊருடி உனக்கு?"

செய்யாறு என்பாள் அந்தப் பெண். "அட, எங்க சித்தியக் குடுத்த ஊரு. நான் இங்கதான், படப்பை பக்கம். ஆடியில உங்கூர்ல கூழ் ஊத்துவாங்களே, அப்ப லீவு கேப்ப. இப்பவே சொல்லிடு." அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு முகம் தெளிந்துவிடும். யார் எந்தத் திருவிழாவுக்குக் காணாமல் போவார்கள், யாரை எந்த கம்பெனி பஸ்ஸில் யாரோடு உட்காரவைக்கலாம், ஒடிசாவிலிருந்து வந்தவளுக்கு யார் துணை, எல்லாம் இந்த ஒரு கேள்வியில் லிசாவுக்குக் கிடைத்துவிடும். கேட்பவள் தன் ஊரையும் சொல்லிவிட வேண்டும் என்பது அவள் வைத்திருந்த மரியாதை. இந்தப் பக்கம் ஆளுக்கு ஆள் சந்தித்தால் வணக்கத்துக்குப் பதில் இதைத்தான் கேட்கிறார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வால் உண்டு. வால் எவ்வளவு நீளம் என்பதை வைத்துத்தான் கேட்பவர் எதைத் தேடுகிறார் என்று தெரியும். அது லிசாவுக்குப் பத்து வயதிலேயே தெரியும். மறுபடி அது முகத்தில் வந்து விழுந்தது ஐயனார் வீட்டு மாடியில்.

குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாக ஓனர் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். லிசாவின் மகள் ஷாலின் அப்போதுதான் எல்.கே.ஜி. சேர்ந்திருந்தாள். பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில், கம்பெனி பஸ் நிற்கிற தெருமுனையில், மாடியில் ஒரு போர்ஷன் காலியாக இருக்கிறது என்று லைனில் வேலை செய்யும் கார்முகில் சொன்னாள். அவளே அந்த வீட்டுக் கீழ்ப் போர்ஷனில்தான் இருந்தாள். "தண்ணி நல்லா வருதுக்கா. ஓனரு ஐயனாரு தங்கமான மனுஷன். சீக்கிரமா வந்து பாத்துடுங்க."

லிசாவும் கணவன் ஜெபர்சனும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பைக்கில் கிளம்பினார்கள். ஜெபர்சனுக்கு நாகர்கோவில் பக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்:

"அங்க வந்து நீ வாயத் தொறக்காத, கேட்டியா? ஊரக் கேட்டா நான் நாரோல்னு சொல்லிக்கிடுதேன்."

"ஏன், எனக்கு ஊரு இல்லியா?"

"இருக்கு. அதாம் பிரச்சினை."

அவன் கணக்கு தப்பில்லை, அனுபவத்தில் வந்தது. தூரத்து ஊர் என்றால் வீட்டுக்காரர்களுக்கு வெறும் பெயர். அங்கே எந்தத் தெரு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. பக்கத்து ஊர்க்காரி என்றால் தெருத்தெருவாகப் போவார்கள். இந்த வட்டாரத்தில் வேலைக்கு வந்தவனுக்கு வீடு கிடைத்துவிடும். பிறந்தவளுக்குத்தான் இழுபறி.

ஐயனார் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, வந்த தொகையில் வரிசையாகப் போர்ஷன்கள் கட்டி வாடகைக்கு விட்டவர். நல்ல சிரிப்பு. "வாங்க சார், வா பாப்பா" என்று எழுந்து மேலே கூட்டிப்போய்க் காட்டினார். சமையல் மேடை, துணி காயப்போட மொட்டை மாடி, ஜன்னலில் பள்ளியின் மணிக்கூண்டு வரை தெரிந்தது. ஷாலின் ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். லிசாவுக்கு மனசுக்குள் சாமான்கள் இறங்கிவிட்டன.

"சாருக்கு எந்த ஊரு?"

"நாகர்கோவில்."

"அம்மாந்தூரமா! கடலு கீதே, அந்த ஊரு. ஒருவாட்டி டூர் போயிருக்கேன். நல்லவங்க சார் உங்க பக்கத்து ஆளுங்க. எப்ப குடி வர்றீங்க?"

ஜெபர்சன் லிசாவைப் பார்த்தான். முடிந்தது என்று அர்த்தம். அப்போது லிசா மகளைக் கூப்பிட்டாள். "ஏய் ஷாலு, அங்க இன்னா பண்ற? எறங்கு."

ஐயனார் லிசா பக்கம் திரும்பினார். "பாப்பா பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரி கீதே? நீயும் நாகர்கோவிலா?"

"ஆமா" என்றான் ஜெபர்சன்.

"இல்லீங்க" என்றாள் லிசா. "எனக்கு படப்பை பக்கம், சேரப்பணஞ்சேரி."

ஜெபர்சன் தரையைப் பார்த்தான்.

"அட, நம்ம ஊராண்ட!" ஐயனாரின் சிரிப்பு இன்னும் அகன்றது. சத்தமாகச் சிரித்தபடியேதான் அடுத்ததைக் கேட்டார். "அங்க எங்க? ரோட்டுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

வால் ஆட ஆரம்பித்துவிட்டது. ரோட்டுக்கு ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் காலனி. கிழக்கா மேற்கா என்று தெரிந்துகொள்ள யாரும் இதைக் கேட்பதில்லை. கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவளுக்கும் தெரியும்.

"சர்ச் பக்கம்" என்றாள் லிசா.

"ஓஹோ. வேதக்காரங்களா? அது அப்பா காலத்துலேர்ந்தா, அதுக்கும் முன்னாடியா? அப்பா பேரு இன்னா?"

"அமிர்தநாதன்."

"தாத்தா பேரு?"

கிறிஸ்தவப் பெயருக்குப் பின்னால் வேறு பெயர் இருக்கிறதா என்று தோண்டுகிறார். ஆலையில் லிசாவும் ஊர் கேட்கிறவள்தான். ஒருநாளும் ஒருத்தியின் தாத்தாவைக் கேட்டதில்லை.

"மண்ணாங்கட்டி" என்றாள். "மூத்த புள்ளைங்க தங்கலன்னு அந்தப் பேரு வெச்சாங்க. அவரு தங்குனாரு. அதனாலதான் நான் கீறேன்."

"அதுக்கில்ல பாப்பா. அங்க எங்க மச்சான் வூடு கீது, ஊர்க்குள்ள. உங்க அப்பாவ அவருக்குத் தெரியுமான்னு…"

"தெரியும். அவங்க கழனியில நட்டுருக்காரு, அறுத்துருக்காரு. காலனிங்க நாங்க. இத மொதல்லயே நேரா கேட்டிருந்தா இவ்ளோ நேரம் ஆயிருக்காது."

ஐயனார் தோள் துண்டை எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"அய்ய, இன்னா பாப்பா நீ. நான் அதெல்லாம் பாக்கறவனா? சும்மா பேச்சுக்குக் கேட்டேன். ஊரு கேக்கறது தப்பா?"

"நீங்க எந்த ஊருன்னு சொல்லவே இல்லியே, பெரியவரே. பேச்சுக்குன்னா ரெண்டு பேரும் சொல்லுவோம்."

"என் வூட்டுல நின்னுகினு என்னையே எந்த ஊருன்றியா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதில் அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம் இருந்தது. அவரிடம் யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. படி இறங்கும்போது, தங்கச்சி பையன் ஒருத்தன் இந்தப் போர்ஷனைக் கேட்டிருக்கிறான், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே கூட்டிப்போனபோது இல்லாத தங்கச்சி பையன்.

வீட்டுக்கு வந்ததும் ஜெபர்சன் ஆரம்பித்தான். "ஒத்த வார்த்த. ஆமான்னு விட்டிருந்தா என்ன? சாவி கையில இருந்திருக்கும். பிள்ள நடந்து போயிருக்கும்."

"எங்கம்மா வந்தா? தெருவுல நின்னு 'வூடு எது'ன்னு கேட்டா? அவங்களையும் நாகர்கோவில்னு சொல்வியா? நான் பொறந்த எடத்துல நின்னுகினு வெளியூர்க்காரின்னு பொய் சொல்லணுமா? எதுக்கு, அந்தாளு நிம்மதியா தூங்கறதுக்கா?"

"கோவம் சரிதான். வீடு?"

கோபம் வீடு பிடித்துத் தராது. கோபத்தின் மோசமான பகுதி அதுதான்.

செவ்வாய்க்கிழமை ஐயனாரே ஜெபர்சனைக் கூப்பிட்டார். அவன் ஸ்பீக்கரில் போட்டான். குரல் குழைந்தது.

"சார், யோசிச்சுப் பாத்தேன். உங்களுக்கே குடுத்துடறேன். அக்ரிமெண்ட் உங்க பேர்ல போட்டுக்கலாம். தெருவுல யாராச்சும் கேட்டா ரெண்டு பேருக்கும் நாகர்கோவில்னே சொல்லிடுங்க, எனக்கும் பேச்சு வராது. அப்புறம் அவங்க அம்மா வூட்டு ஆளுங்க அடிக்கடி வந்து போறது மட்டும் வேணாம் சார். பக்கத்து ஊரு பாருங்க, தெரிஞ்ச மொகமா இருக்கும். வேற ஒண்ணுமில்ல. பாப்பா நல்ல பொண்ணுதான்."

லிசா காத்திருந்தாள். வீடு ஜெபர்சனின் நாக்கு நுனியில் இருந்தது. ஷாலின் தரையில் உட்கார்ந்து தன் பள்ளிப் பையில் பென்சிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் குழந்தையைப் பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான்.

"ஐயா, எங்க அத்த வராத வீட்டுல நான் மட்டும் இருந்து என்ன செய்யதுக்கு?" என்றான். "உங்க மருமவனுக்கே குடுங்க." வைத்துவிட்டான். வைத்த பிறகு, தன் ஊர்த் தமிழில் லிசாவுக்குப் பாதி புரியாத வசவு ஒன்றை நிதானமாகச் சொன்னான்.

மறுநாள் கேன்டீனில் லிசா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தெருவையும் சொன்னாள், பெயரையும் சொன்னாள். கார்முகில் தட்டிலிருந்து தலையெடுக்கவில்லை.

"என்னையும் கேட்டாருக்கா" என்றாள் கடைசியில். "எங்க ஊர்ல எந்தத் தெரு, கொலதெய்வம் எதுன்னு. நான் சொன்னேன். அக்கறையா கேக்கறாருன்னுதான் நெனச்சேன்."

"உனக்கு அக்கறைதான்டி அது. சொன்ன பதிலு அவருக்குப் புடிச்சிருக்கு."

"இப்ப நான் இன்னா பண்றது? காலி பண்ணிடவா?"

"உன்ன யாரு காலி பண்ணச் சொன்னது? தங்கமான மனுஷன்னு மட்டும் இனிமே யாராண்டயும் சொல்லாத."

கடைசியில் வீடு கிடைத்தது தண்டலத்துக்கு அந்தப் பக்கம். ஓனர் சென்னையில் இருந்தார். கம்பெனி ஐ.டி. கார்டைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அவ்வளவுதான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு விலையும் இருந்தது. ஷாலினுக்கு இப்போது வேன். பஸ் பிடிக்க லிசா இருட்டிலேயே எழுந்தாள். தண்ணீர் மோட்டார் அடிக்கடி நின்றது. குடம் தூக்கிக்கொண்டு படியேறும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு அந்த மணிக்கூண்டு ஜன்னல் ஞாபகம் வந்தது. வேலையில் தவறில்லை, வாடகையில் பாக்கியில்லை, குழந்தை சுவரில் கிறுக்குகிறவளும் இல்லை. ரோட்டுக்கு எந்தப் பக்கம் பிறந்தாள் என்பதற்காக அவள் குடம் தூக்குகிறாள்.

குடிவந்த வாரமே அவள் அம்மா ஞானம்மா வந்தாள். ஒரு பையில் முருங்கைக்காய், இன்னொன்றில் கருவாடு. தெரு நடுவில் நின்று, "லிசா! எந்த வூடுடி இது? எல்லாம் ஒரே மாதிரி கீது!" என்று கத்தினாள்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பக்கத்து போர்ஷன் பெண் எட்டிப் பார்த்தாள். "யாரும்மா நீங்க? எந்த ஊரு?"

மேலே லிசா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஞானம்மா பையை இறக்கி வைத்துவிட்டு, கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். சேரப்பணஞ்சேரி, காலனி, சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது வீடு, வீட்டுக்காரர் அமிர்தநாதன், பெண் பெரிய கம்பெனியில் லைன் லீடர். அந்தப் பெண் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று மேலேயிருந்து தெரியவில்லை.

லிசா அம்மாவைத் தடுக்கவில்லை. சொல்லி முடிக்கட்டும் என்று நின்றாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இதான்மா நம்ம வூடு, மேல ஏறி வா!" என்று கூப்பிட்டாள்.