நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினெட்டு ஒவ்வாமைகள்

மார்ச் 4, அதிகாலை 2.00: 41,206 பதிவுகள்.
காலை 11.00: 41,218.
காலை 11.05: அட்டவணையே இல்லை.
மதியம் 1.40: 41,218.

எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்று சொல்லும் அட்டவணை அது. சோதனை அட்டவணை என்று நினைத்து அதை அழித்தவர் மருத்துவமனையின் கணினிப் பிரிவு மேலாளர். அனுபவசாலி, ஒரே கட்டளையில் முடித்துவிட்டார். தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒப்பந்த ஊழியரான ஒரு பெண். தினமும் அதிகாலை இரண்டு மணிக்குத் தரவின் நகல் எடுத்து வைக்கும் பொறுப்பும் அவருடையது என்பதால், எல்லோருக்கும் அவர் ‘பேக்கப் அக்கா’.

“ராத்திரி எடுத்த பேக்கப்ப அப்படியே மேல ஏத்திடும்மா. அஞ்சு நிமிஷ வேலை.”

“ஏத்தினா காலையில சேர்ந்த இருநூறு பேரும் இங்க வரவே இல்லன்னு ஆயிடும் சார். வார்டுல படுத்திருக்கறவங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுறீங்களா?”

மேலாளருக்கு உடனே ஒரு கூட்டம் நினைவுக்கு வந்தது.

அக்கா தனியாக ஒரு வெற்றுத் தரவுத்தளம் உருவாக்கி, முழு பேக்கப்பையும் அதில் ஏற்றினார். அதிலிருந்து அந்த ஒரு அட்டவணையை மட்டும் எடுத்து, நடப்புத் தரவுத்தளத்தில் சேர்த்தார். எண்ணிப் பார்த்தார்: 41,206. இரண்டு மணிக்குப் பிறகு பதிந்த பன்னிரண்டு ஒவ்வாமைகள் எந்த பேக்கப்பிலும் இல்லை. வார்டு வார்டாக ஏறி இறங்கி, சேர்க்கைத் தாள்களைப் பார்த்து அவற்றைக் கையால் பதிந்தார்.

மறுவாரம் மேலாளருக்கு, நெருக்கடியில் நிதானம் காத்ததற்காகப் பாராட்டு மடல் வந்தது. அக்காவுக்கு, ஐந்து நிமிட வேலைக்கு ஏன் இரண்டரை மணி நேரம் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவர் பன்னிரண்டு தாள்களின் நகலையும் இணைத்துப் பதில் அனுப்பினார்.

அக்காவின் ஒப்பந்தம் முடியும் நாள்: மார்ச் 31.
அதை நீட்டித்த கடிதம் வந்த நாள்: ஏப்ரல் 1.