கைகளை மேசைமேல் வைத்த கணக்கு

தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு எப்படி வந்தது? சொல்லுங்கள் பார்க்கலாம். முப்பது என்றால் மூன்று பத்து, நாற்பது என்றால் நான்கு பத்து, எண்பது என்றால் எட்டுப் பத்து. அடுத்தது ஒன்பது பத்துதானே? அதில் நூறுக்கு என்ன வேலை? தொள்ளாயிரத்தில் ஆயிரம் எதற்கு? போகட்டும், ஒன்பதிலேயே 'பது' என்று பத்தின் வால் தொங்குகிறதே, அது ஏன்?

தெரியாதா? வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் சொல்லுக்குக் காரணம் தெரியவில்லை. ஆகவே நீங்கள் மந்தபுத்தி. உங்களை மெதுவகுப்பில் உட்கார வைத்து மணி கோக்கச் சொல்ல வேண்டும்.

கோபப்படாதீர்கள். இதைவிடக் குறைந்த காரணத்துக்கு ஒரு சிறுமியை அங்கே உட்கார வைத்திருக்கிறார் ஒரு மனிதர். நான் சொல்ல வந்தது அவருடைய கதை.

அவர் பள்ளி மதிப்பீட்டு அலுவலர். முதல் வகுப்பில் சேர வரும் பிள்ளைகளைச் சோதித்து, இது சாதாரண வகுப்புக்கு, இது மெதுவகுப்புக்கு என்று பிரிப்பது அவர் வேலை. பள்ளி ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அளவுகோல்'. அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். வீட்டில் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஊர்ப் பிள்ளைங்க மூளையெல்லாம் அளக்கறீங்க. ஒரு ஜன்னல் திரைக்கு அளவெடுத்துட்டு வரத் துப்பில்ல. பாருங்க, முழங்கால் தெரியற பாவாடை மாதிரி தொங்குது!"

அவர் சிறுவயதில் விரல் மடக்கி எண்ணுவார். அதற்காக விரல் கணுக்களில் அடி வாங்கியிருக்கிறார். அடிக்குப் பயந்து, காலணிக்குள் கால்விரலை அசைத்து எண்ணக் கற்றுக்கொண்டார். அடி வாங்கியவன் அடியை ஒழிப்பான் என்று நினைக்கிறோம். இவர் அதை விதியாக்கினார். சோதனை அறையில் குழந்தையின் இரண்டு கைகளும் மேசைமேல் விரித்து வைக்கப்பட வேண்டும். 'கை அசைவது மனக்கணக்கு அல்ல' என்பது அவரே எழுதிச் சேர்த்த வரி. மேலதிகாரிகள் படிக்காமலே ஒப்புக்கொண்டார்கள்.

அந்தச் சிறுமியின் குடும்பம் தொலைவான மலைப்பகுதியிலிருந்து பிழைக்க வந்தது. தாய்க்குச் சலவை நிலையத்தில் வேலை. இவர்கள் மொழி பேசும் ஆள் யார் என்று தேடிய அலுவலகம், அந்தக் குடும்பம் வசிக்கும் குடியிருப்பிலேயே மேல்மாடியில் இருக்கும் தையல்காரியைக் கூட்டி வந்தது. அவளும் மலைக்காரிதான், ஆனால் வேறு மலை, வேறு மொழி. அக்கம்பக்கப் பழக்கத்தில் இவர்கள் பேச்சும் அவளுக்கு வரும்.

"மலைக்காரங்க மொழியெல்லாம் ஒண்ணுதானேம்மா?" என்றார் அளவுகோல்.

"ஆமா சார். ஆடு, மாடு, எருமை எல்லாம் நாலு கால்தானே."

அவருக்குப் புரியவில்லை. சிரித்து வைத்தார்.

அறை நீளமானது. சுவரில் மஞ்சள் பூசி, ஒரு பூனைப் படம் ஒட்டியிருந்தது, குழந்தைகள் பயப்படக் கூடாதாம். சிறுமி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தாய் வெளியே நிற்க வைக்கப்பட்டாள். அளவுகோல் மரக்கட்டைகளை மேசையில் பரப்பினார். பதினைந்து கட்டைகள்.

"எத்தனைன்னு கேளுங்க."

தையல்காரி கேட்டாள். சிறுமி வலது கையைத் தூக்கி, இடது சுண்டுவிரலைத் தொட்டாள்.

"கை மேசைமேல."

சிறுமி கையை இறக்கினாள். கட்டைகளைப் பார்த்தாள். கை தானாக மீண்டும் எழுந்தது. அவர் அந்தக் கையைப் பிடித்து, பலகையில் அழுத்தி வைத்தார். வலிக்க அழுத்தவில்லை, மென்மையாகத்தான். இந்த மென்மையை நான் அவர் கணக்கில் வரவு வைக்கத் தயாராக இல்லை.

கட்டைகளைக் கண்ணாலேயே எண்ணி முடித்து அவள் ஒரு சொல் சொன்னாள்.

"என்ன சொல்றா?"

"கண்ணுன்னு சொல்றா சார்."

"எத்தனைன்னு கேட்டா கண்ணா?"

"அவங்க எண்ணறது உடம்புல சார். சுண்டுவிரல் ஒண்ணு, கட்டைவிரல் அஞ்சு. மணிக்கட்டு ஆறு, முன்கை ஏழு, முழங்கை எட்டு, மேல்கை ஒம்போது, தோள் பத்து. கழுத்து, காது தாண்டி, கண்ணு பதிமூணு, மூக்கு பதினாலு. அப்புறம் அந்தப் பக்கமா இறங்கணும். அந்தக் கண்ணு பதினஞ்சு. அந்தச் சுண்டுவிரல் வரைக்கும் போனா இருபத்தேழு."

"அப்போ இவ சொன்னது பதிமூணா, பதினஞ்சா?"

"கையை விட்டீங்கன்னாதானே எந்தக் கண்ணுன்னு காட்டுவா? வாயால சொல்றது பாதி, விரல் காட்டறது மீதி."

அவர் 'தவறு' என்று குறித்தார். பிறகு இருபது கட்டைகள் வைத்தார். சிறுமி, "முழங்கை" என்றாள். எட்டுக்கும் இருபதுக்கும் அதுதான் இடம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மீண்டும் தவறு.

"சரி, கடைசிக் கேள்வி. இருபதுல எத்தனை பத்து இருக்கு?"

தையல்காரி மொழிபெயர்க்காமல் அவரைப் பார்த்தாள்.

"கேளும்மா."

"எப்படிக் கேக்கறது சார்? முழங்கையில எத்தனை தோள் இருக்குன்னு கேக்கச் சொல்றீங்க."

சிறுமிக்குப் பத்து என்பது வழியில் வரும் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். காதுக்கும் கழுத்துக்கும் இல்லாத எந்தப் பெருமையும் தோளுக்கு இல்லை. நாம் பத்துப் பத்தாகக் கட்டுக் கட்டுகிறோம். பதினைந்து என்ற சொல்லே பத்தும் ஐந்தும் சேர்ந்ததுதான். அவள் கட்டுவதில்லை, நடக்கிறாள்.

"எங்க ஆளுங்ககிட்ட இதே கேள்வியைக் கேட்டா பதில் வரும். ஆனா அதுவும் உங்க பதிலா இருக்காது" என்றாள் தையல்காரி. "எங்களுக்கு ஒரு கை அஞ்சு, ரெண்டு கை பத்து. ரெண்டு கையும் ரெண்டு காலும் சேர்ந்தா ஒரு ஆள், அதுதான் இருபது. நாப்பது ரெண்டு ஆள். நாப்பத்தேழுன்னா ரெண்டு ஆள், ஒரு கை, ரெண்டு. உங்க தொண்ணூறு எங்களுக்கு நாலு ஆளும் ரெண்டு கையும். நூறுக்கு அஞ்சு ஆள்."

"எதுக்கும்மா இவ்ளோ சுத்தி வளைச்சு?"

"நீங்க சொல்லுங்க சார், தொண்ணூறுல நூறு எதுக்கு?"

அவர், நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டினார்.

இவ்வளவுதான் நடந்தது என்றால் அவரை அறியாதவர் என்று மன்னித்துவிடலாம். உலகில் அறியாமைக்குப் பஞ்சமில்லை, நமக்கும் பங்கு உண்டு. ஆனால் கதை வராந்தாவில் தொடர்ந்தது.

தேநீருக்காக அவர் வெளியே வந்தார். எதிர்ச்சுவரில் மூன்று ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஆறு கண்ணாடிகள். சிறுமி தாயின் பக்கத்தில் நின்று அவற்றை எண்ணிக்கொண்டிருந்தாள். யாரும் எண்ணச் சொல்லவில்லை, எண்ணப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். விரல், மணிக்கட்டு, முழங்கை என்று அவள் கை ஏறியது. மூக்கைத் தாண்டி மறுபக்கம் இறங்கி, தோளில் நின்றது. தாயைப் பார்த்து ஒரு சொல் சொன்னாள். தாய் தலையாட்டினாள்.

அளவுகோல் அசையாமல் நின்றார். பிறகு அவருடைய கையே சுண்டுவிரலைத் தொட்டது. ஏறியது, இறங்கியது.

"பதினெட்டு. ஆறு மூணு பதினெட்டு. சரியாச் சொல்லிட்டா!" கண்கள் மின்னின. "இருங்க இருங்க. இந்தக் கண்ணு பதிமூணு, அந்தக் கண்ணு பதினஞ்சு, கூட்டினா இருபத்தெட்டு. முழங்கை எட்டு, இருபது. அதுவும் இருபத்தெட்டு. தோள் பத்து, பதினெட்டு. அட, எந்த ஜோடியை எடுத்தாலும் இருபத்தெட்டு! மூக்கு பதினாலு, அது தனக்குத்தானே ஜோடி. பிரமாதம்மா!"

புரிந்துகொண்டார். முழுக்கப் புரிந்துகொண்டார். இந்த இடத்தை மறக்காதீர்கள்.

"அப்போ திரும்பச் சோதனை வைங்க சார். கையைப் பிடிக்காம" என்றாள் அவர் பின்னாலேயே வந்திருந்த தையல்காரி.

மின்னல் அணைந்தது. "சோதனை முடிஞ்சுதும்மா."

"தப்புன்னு உங்களுக்கே தெரியுதே?"

"இவளுக்கு மாத்தினா, இதுக்கு முன்னாடி நான் அனுப்பின பிள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்றது? ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க. எல்லாத்தையும் கிண்ட முடியுமா?"

தாய்க்குச் சொற்கள் புரியவில்லை. குரல் புரிந்தது. "என்னக்கா சொல்றார்?" என்று தன் மொழியில் கேட்டாள்.

"உம் பொண்ணு கெட்டிக்காரின்னு சொல்றார்" என்றாள் தையல்காரி. "அதனாலதான் சேர்த்துக்க மாட்டாராம்."

அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு அந்தக் கட்டடத்தில் அதுவரை நடந்ததில்லை.

சிறுமி மெதுவகுப்புக்குப் போனாள். அங்கே எண் பாடம் கிடையாது. சிவப்பு மணி, நீல மணி என்று கோக்கச் சொல்கிறார்கள். ஓராண்டு அங்கே இருந்த பிள்ளை சாதாரண வகுப்புக்குத் திரும்புவது அரிது. எண் பாடமே இல்லாத இடத்திலிருந்து எண் சோதனையில் எப்படித் தேறுவது? 

அளவுகோலுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பயிற்சி வகுப்புகளில் பேச அழைக்கிறார்கள். போன மாதம் ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். மேடையில் அவர் சுண்டுவிரலில் தொடங்கி மூக்கு வழியாக இறங்கிக் காட்டினார். "ஜோடி எல்லாம் இருபத்தெட்டு!" என்றார். அரங்கம் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர், "எவ்வளவு விஷயம் தெரிஞ்சவர் பாருங்க" என்று என்னிடம் சொன்னார். அந்தக் கணக்கை எந்தப் பிள்ளையிடமிருந்து எடுத்தார், அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று மேடையும் சொல்லவில்லை, அரங்கமும் கேட்கவில்லை. நான் எழுந்து கேட்டேன். நேரமில்லை என்றார்கள்.

அறியாதவனைவிட அறிந்தும் அசையாதவன் கீழானவன். அவனை விஷயம் தெரிந்தவர் என்று அழைக்கும் நாம் அவனுக்கும் கீழே.

தாய் மறுசோதனை கேட்டு விண்ணப்பித்திருக்கிறாள். தையல்காரிதான் அலைந்தாள். விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது: அலுவலகத்தைச் சேராத இருவர் சாட்சியாக உட்கார்ந்தால், பெற்றோர் விரும்பும் முறையில் குழந்தை விடை சொல்லலாம். ஒரு சாட்சியாக நான் போகிறேன். இன்னொருவர் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் அன்று பார்த்து வேலை இருக்கிறது.

நீங்கள் வாருங்கள். கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தொண்ணூறுக்கு விளக்கமும் வேண்டாம். குழந்தைக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்காருங்கள். அவள் எண்ணத் தொடங்கும்போது யாராவது அவள் கையைப் பிடிக்க வந்தால், எழுந்து நின்று, "விடுங்க" என்று சொல்லுங்கள்.