பீமைத் தொடாத பதில்

சுபிதா பயந்து ஓடினாள் என்று தெருவில் பேசுகிறவர்கள் அன்று அலுவலகத்தில் இருந்தார்களா என்ன? நாகர்கோவிலில் எழும்பும் மருத்துவமனைக்குக் குழாய் வேலைகளை வரையும் எஞ்சினியர் அவள். கழிவுநீர்க் குழாய் இறங்கத் தளத்தில் பதிக்கும் உறைக்குழாயான ஸ்லீவ் பீமின்மேல் விழுகிறது என்று காண்ட்ராக்டர் எட்சன் எழுதிக் கேட்டிருந்தார். மறுநாள் கான்கிரீட். புது வரைபடத்தில் பீம் இடம் மாறியது தெரியாமல், பழையதைப் பார்த்து இடம் குறித்தவள் சுபிதாதான்.

“கம்பியக் கொஞ்சம் வளைச்சு பீமுக்குள்ளயே விட்டுரட்டா மக்கா?” என்றார் எட்சன் போனில்.

“பீமைத் தொடப்பிடாது அண்ணாச்சி! ஸ்லீவ பீமுக்குப் பக்கத்துல வெறும் தளத்துக்கு மாத்துங்க. தண்ணி ஓடக் குழாய்க்குச் சரிவு வாட்டம் கிடைக்கும், பாத்தாச்சு.”

பிழை தன்னுடையது என்பதையும் பதிலில் எழுதினாள். கட்டட அமைப்பு எஞ்சினியர் சம்மதித்ததும், புது இடத்தைத் தானே குறித்துக் கொடுக்க டேப்பை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து கட்டடத்துக்கு விரைந்து இறங்கினாள். அதைத்தான் ஓட்டம் என்கிறார்கள்.