இருநூற்று நான்காம் ரசீது

எங்கள் பூப்பந்துக் கழகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரசீதண்ணன் என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருடமாகச் சந்தா வாங்கி ரசீது எழுதியவர். அந்த ஒரு வேலையோடு விட்டார்களா என்றால் இல்லை. வலை கிழிந்தால் தைப்பது, பந்துப் பெட்டியை எண்ணிப் பூட்டுவது, மழைத் தண்ணீர் உள்ளே வந்தால் துடைப்பம் எடுப்பது, கமிட்டிக் கூட்டத்துக்கு டீ வாங்கி வருவது எல்லாம் அவர் தலையில்தான். சம்பளம் ஒருவருக்குத்தான், வேலை நாலு பேருக்கு.

உடை மாற்றும் அறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் அவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் குளியலறைச் சுவர். இன்னும் ஒரு வருடம் நாலு மாதத்தில் அவருக்கு ஓய்வு. அப்போது கழகம் தரவேண்டிய பணிக்கொடையை நம்பி, பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். அக்கா, அதாவது அவர் மனைவி, அந்த வீட்டு ஜன்னல்களை அளந்து திரைச்சீலைகூடத் தைத்து வைத்துவிட்டார். ஆசைக்கு அளவுகோல் கிடையாது, ஜன்னலுக்கு உண்டு என்று நான் ஒரு முறை கிண்டல் செய்தேன். அக்கா சிரித்தார். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான் அந்தக் கழகத்தின் கௌரவத் தணிக்கையாளன். ஒரு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு வந்தவன். வருடா வருடம் பொதுக்குழுவுக்கு மூன்று வாரம் முன்னால் என் முன்னே நோட்டுகளை அடுக்குவார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பச்சை மையில் டிக் போட்டு, கையெழுத்திட்டு, ஒரு பொன்னாடை வாங்கிக்கொண்டு போவேன். இந்த வருடமும் அப்படியே போயிருக்கலாம். மூட்டுவலிக்கு நடக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் வீட்டில் பொழுது போகவில்லை. அதனால் கணக்கை ஒழுங்காகப் பார்த்துத் தொலைத்தேன்.

முதலில் செலவுப் பக்கம். பந்து வாங்கிய பில் இரண்டு. ஒன்று வருட ஆரம்பத்தில், இன்னொன்று ஐந்து மாதம் கழித்து. ஒரே கடை. ஒன்றின் எண் 417, மற்றதன் எண் 418. ஐந்து மாதமாக அந்தக் கடைக்கு எங்களைத் தவிர வேறு நாதியில்லை போலிருக்கிறது. அடுத்தது போட்டி வரவு. ஆட்ட அட்டவணையில் எண்ணினால் தொண்ணூற்றாறு பேர் ஆடியிருக்கிறார்கள். தலைக்கு ஐந்நூறு நுழைவுக் கட்டணம் என்றால் நாற்பத்தெட்டாயிரம் வரவேண்டும். வரவில் இருந்ததோ முப்பத்தோராயிரம். ‘விருந்தினர் உபசரிப்பு’ என்று நாற்பதாயிரத்துக்கு ஒரு வவுச்சர், பில் இல்லை, கமிட்டித் தீர்மானம் இல்லை, செயலாளர் கையெழுத்து மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. செயலாளருக்கு இரும்புக் கடை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். இவர் கூட்டையே வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

பிறகு சந்தா. உறுப்பினர் இருநூற்றுப் பதினாலு பேர், தலைக்கு மூவாயிரம். வருடக் கடைசி நாளுக்குள் கட்டாதவருக்குப் பொதுக்குழுவில் ஓட்டு கிடையாது, எந்தப் பொறுப்பும் கிடையாது என்பது விதி. ரசீதுப் புத்தகத்தில் பாக்கியே இல்லை, எல்லோரும் கட்டியிருந்தார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. அடிக்கட்டைகளைப் புரட்டினேன். 184 முதல் 214 வரை முப்பத்தொரு ரசீதும் கடைசி நாள் தேதியில், ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தன. ரொக்கப் புத்தகத்தில் அன்றைய கையிருப்பு தொண்ணூற்று மூவாயிரம். கையில் இருந்த பணம் என்றால் மறுநாளே மொத்தமாக வங்கிக்குப் போயிருக்க வேண்டும். வங்கிப் புத்தகத்திலோ மூவாயிரம், ஆறாயிரம் என்று இரண்டு மாதத்துக்குச் சொட்டுச் சொட்டாக விழுந்திருந்தது. மொத்தம் அறுபத்தொன்பதாயிரம். மீதி இருபத்து நாலாயிரம் பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியில் ஒரு ரப்பர் முத்திரையும் இரண்டு பேனா மூடியும் இருந்தன.

ரசீதண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"கடைசி நாள் சாயங்காலம் போன் பண்ணுவாங்க சார். ‘அண்ணே, இன்னிக்குத் தேதியில ரசீது போட்டு வைங்க, அடுத்த வாரம் வந்து தர்றேன்’னு. வருஷா வருஷம் நடக்கறதுதான். பெரிய மனுஷங்க, முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"பணம் வராம ரசீது போடலாமா?"

"வந்துடும் சார். இருபத்து மூணு பேர் குடுத்துட்டாங்க. இன்னும் எட்டுப் பேர்தான். கேட்டா ‘ஓடியா போயிடுவேன்’ங்கறாங்க."

எட்டுப் பேரையும் அவர் விரல்விட்டுச் சொன்னார். கார் இல்லாமல் தெருமுனைக்குப் போகாதவர்கள். இதில் அவருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். அந்தக் கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

அவர் போன பிறகுதான் அடிக்கட்டைகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பெயரோடு பார்த்தேன். 204 என் பெயரில் இருந்தது. மகள் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில், கடைசி நாள் சாயங்காலம், நானும்தான் போன் செய்திருந்தேன். ஒன்பது நாள் கழித்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு மறந்தே போனேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கூழ்ப்பானையில் விழுந்த கதைதான்.

மறுநாள் அவரிடம், "அந்த இருபத்து நாலாயிரத்தை எப்படியாவது நீங்களே கட்டிடுங்க. பற்றாக்குறை இல்லைன்னா நான் எழுத வேண்டியதில்லை. அப்புறம் அவங்ககிட்ட வாங்கிக்கலாம்," என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். என் நல்ல எண்ணத்தை உடைப்பில்தான் போட வேண்டும். அக்கா கழுத்துச் சங்கிலி அன்றைக்கே அடகுக்குப் போனது. அவர் பணத்தை என்னிடம் கொண்டு வந்திருந்தால் ரசீதுகளுக்கு எதிரே வரவு வைத்திருப்பேன். அவரோ முறைப்படி நடப்பதாக நினைத்துச் செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். செயலாளர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். ‘கையிருப்பில் குறைந்த தொகையைத் திருப்பிச் செலுத்துகிறேன்’ என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். ரசீது வேண்டும் என்று கேட்க ரசீதண்ணனுக்கே தோன்றவில்லை.

செயலாளர் அன்று மாலையே என்னைக் கடைக்கு வரச் சொன்னார். கம்பிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு, குளிர்பானம் வரவழைத்தார்.

"பில் விஷயமெல்லாம் நாங்க சரி பண்ணிக்கறோம் சார். ‘விளக்கம் பெறப்பட்டது’ன்னு ஒரு வரி போதும். ஆனா திருட்டை மறைக்கக் கூடாது பாருங்க. அவரே எழுதிக் குடுத்துட்டார்."

"அது திருட்டில்ல. எட்டுப் பேர் பணமே கட்டல. அதைத்தான் எழுதப் போறேன்."

"எழுதுங்களேன். ஏன் ரசீது போட்டார்னு எழுதினா முப்பத்தொண்ணையும் எழுதணும். 204ஐ விட முடியாது. பாக்கி வெச்சிருந்தவர் தணிக்கையாளரா இருக்க முடியாதுன்னு விதி இருக்கு, உங்களுக்குத் தெரியாததா? பொதுக்குழுவுல யாராவது எந்திரிச்சு, ‘கணக்குப் பாக்கறவரே கள்ள ரசீதா’ன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

குளிர்பானத்தைக் குடித்து முடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுந்து வந்திருக்கலாம். முப்பது வருடம் ஒரு கறை படாமல் வேலை பார்த்தவன் என்ற பெருமை ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது. அந்தப் பெருமையைக் காப்பாற்ற ஒரு மனிதனின் வயிற்றில் அடித்தேன். வீட்டுக்கு வந்து எழுதினேன். ‘ரொக்கக் கையிருப்பில் இருபத்து நாலாயிரம் பற்றாக்குறை. தணிக்கையில் கண்டறியப்பட்ட பின் எழுத்தரால் திருப்பிச் செலுத்தப்பட்டது. செலவினங்கள் சிலவற்றுக்கு விளக்கம் பெறப்பட்டது.’ ஒவ்வொரு வரியும் உண்மை. அதுதான் கணக்குப் பிரிவு எனக்குக் கற்றுக்கொடுத்த வித்தை.

தட்டச்சு செய்ய அதை ரசீதண்ணனிடமே கொடுக்க வேண்டியிருந்தது. கழகத்தில் வேறு ஆள் ஏது? அவர் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"ஏன் கொறைஞ்சுதுன்னு ஒரு வரி போடலாமா சார்?"

"அதைக் கூட்டத்துல வாய்மொழியா சொல்லிடறேன்."

"சரி சார். நீங்க இருக்கறப்ப எனக்கென்ன," என்றார். எழுத்துப்பிழை ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டார். திருத்திக்கொண்டார்.

பொதுக்குழு ஞாயிறு காலை, உள்ளரங்கத்தில். அத்தனை நாற்காலிகளையும் ரசீதண்ணன்தான் போட்டார். செயலாளர் என் அறிக்கையை ஒலிபெருக்கியில் வாசித்தார். பற்றாக்குறை என்ற இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். விளக்கம் பெறப்பட்டது என்ற வரியை யாரும் கேட்கவே இல்லை, அதற்குள் அரங்கம் கொதித்துவிட்டது.

முதலில் எழுந்தவர் அந்த எட்டுப் பேரில் ஒருவர். "நாம கஷ்டப்பட்டுக் கட்டின சந்தா. அதுல கைய வெச்சவனை உள்ளயே வெச்சிருக்கோம். பணிக்கொடை ஒரு பைசா தரக்கூடாது. அந்த அறையையும் காலி பண்ணச் சொல்லணும்." ரசீதண்ணன் அவரைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்தார். வழிமொழிந்தவரும் எட்டில் ஒருவர்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். இங்கே இரண்டும் ஒரே வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன.

"நீங்க எதாவது சொல்றீங்களா?" என்று தலைவர் ரசீதண்ணனைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். அரங்கத்தில் அத்தனை பேர் இருக்க, என்னை மட்டும். நான் அறிக்கையின் பக்கங்களைச் சரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ரசீதண்ணன், "சாருக்கு எல்லாம் தெரியும்," என்று மட்டும் சொன்னார். "அவருக்குத் தெரிஞ்சதைத்தான் வாசிச்சாச்சே," என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

வாக்கெடுப்பு. பாக்கியில்லாத உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு, தூக்கிய கைகளை எண்ணிப் பெயருக்கு நேரே குறிப்பது எழுத்தரின் வேலை. அதை வேறு யாரிடமாவது கொடுக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் வழக்கம்போலப் பட்டியலும் பென்சிலுமாக எழுந்து முதல் வரிசையிலிருந்து நடக்க ஆரம்பித்தார். அந்த முப்பத்தொரு பேரில் இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். பத்தொன்பது கைகள் மேலே போயின. அந்தக் கைகளுக்கு ஓட்டு இருந்ததே அவர் எழுதிய ரசீதால்தான். ஒவ்வொன்றுக்கும் அவர் டிக் போட்டார். எதையும் தாண்டிப் போகவில்லை.

மேடையிலிருந்து செயலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிக்கை எழுதியவனே கை தூக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றியபடியே விரல்களை மட்டும் தோளுக்கு மேலே கொண்டுபோனேன். வேண்டுமென்றால் கை, வேண்டாமென்றால் காதைச் சொறிகிறேன்.

அவர் என் வரிசைக்கு வந்தார். பட்டியலில் என் பெயருக்கு நேரே பென்சிலை வைத்துக்கொண்டு நின்றார். குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. வருடா வருடம் எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னார்.

"கையை நல்லாத் தூக்குங்க சார். எண்ணிக்கையில விட்டுப்போயிடும்."

தூக்கினேன். டிக் போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். கடைசி வரிசை முடிந்ததும் மேடைக்குப் போய், கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் ‘ஆதரவு அறுபத்தொன்று’ என்று எழுதி, தலைவரின் கையெழுத்துக்காக நீட்டினார்.