ஆள் பார்த்தால் ஒரே வாள்

திருச்சி கே.கே. நகர்ல ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல இருந்த சின்ன கேம் கம்பெனியில எனக்கு டெஸ்டர் வேலை. கேமை வெளியில விடறதுக்கு முன்னாடி நாள் முழுக்க ஆடி, எங்க தப்பு வருதுன்னு எழுதித் தரணும். ஸ்ரீரங்கத்துல எங்க தெருவுல கேட்கறவங்க எல்லாம் கொடுத்து வச்ச பொண்ணும்பாங்க. வந்து உட்கார்ந்து பார்த்தா தெரியும், கொடுத்து வச்ச லட்சணம்.

அப்ப பண்ணிட்டிருந்தது ஒரு சாகச விளையாட்டு. நாயகி காடு மேடெல்லாம் சுத்தி வாள், மூலிகை, சாவின்னு சேர்ப்பா. சேர்த்ததெல்லாம் ஒரு பையில கட்டம் கட்டமா இருக்கும். மவுஸால ஒரு பொருளை இழுத்து வேற கட்டத்துல போடலாம். அவ்வளவுதான் விஷயம், அதுதான் என் உயிரை வாங்குச்சு.

ஒரு மதியம் பையை ஒழுங்கு பண்ணிட்டிருந்தேன். நாயகிகிட்ட இருந்த ஒரே வெள்ளி வாள் ரெண்டா இருந்துச்சு. கேம்ல வர்ற கடையில வித்துப் பார்த்தேன், ரெண்டுமே வித்துச்சு. இப்படியே வெளியில போனா, ஆடறவங்க வாளைப் பெருக்கிப் பெருக்கி வித்தே உட்கார்ந்து சாப்பிடுவாங்க. அப்புறம் காட்டுக்கு எவன் போவான்? உடனே எழுதி அனுப்பினேன்.

பையோட ப்ரோகிராம் எழுதினவர் திருவெறும்பூர்க்காரர், சத்தமே போடாத மனுஷன். அவர் இழுத்துப் பார்த்தார், ரெண்டாவது வாள் வரலை. நானே அவர் சீட்டுக்குப் போய், "இதைப் பிடிக்கிறேன் சார், இங்க போடறேன்"னு ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லிக் காட்டினேன். ஒரே வாள். வழியில இன்னொண்ணு கிடைச்சிருக்கும், மறந்திருப்பீங்கன்னு சொல்லி நான் எழுதினதை மூடிட்டார்.

என் சீட்டுக்கு வந்தா, சனியன், ரெண்டு வாள்! அவரைக் கூப்பிட்டு மறுபடி பண்ணினா ஒண்ணு. ஸ்க்ரீனை ரெக்கார்ட் பண்ண வச்சா ஒண்ணு. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. வீட்டுக்கு லேப்டாப்பைக் கொண்டு போய்த் தங்கச்சியைப் பக்கத்துல உட்கார வச்சேன், அப்பவும் ஒண்ணுதான். அவ எழுந்து காபி போடப் போனா, ரெண்டு. முதல்ல கண் டாக்டரைப் பாருன்னுட்டா.

அவளுக்கென்ன, சிரிப்பா. நான் எழுதினதுல இதுக்கு முன்னாடியே வேற ரெண்டு தப்பை "வரவில்லை"ன்னு மூடியிருந்தாங்க. இதுவும் மூடினது மூடினபடியே போச்சுன்னா வேலையை நிரந்தரம் பண்றது கஷ்டம்மான்னு டீம் லீட் மேடம் தன்மையாத்தான் சொன்னாங்க. தன்மையா சொன்னதுதான் பயமா இருந்துச்சு. காவேரிப் பாலத்துல பஸ் ஊர்ந்துட்டிருக்க, நிஜமாவே பார்த்தேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

மறுநாள் கடைசியா ஒரு தடவைன்னு அவர் சீட்டுக்குப் போனேன். அவர் பாவமா என்னைப் பார்த்து, நாள் முழுக்க ஆடினா யாருக்கும் கண்ணு அசந்துடும், ரெண்டு நாள் லீவு போடுங்களேன்னார். வந்துச்சு பாருங்க கோவம். மவுஸ் பிடிச்ச கை பாட்டுக்கு இழுத்துட்டிருக்க, ஸ்க்ரீனைப் பார்க்காம அவர் முகத்தைப் பார்த்துப் பொரிஞ்சு தள்ளிட்டேன். அவர் ஸ்க்ரீனையே பார்த்துட்டிருந்தார். அதுல மூணு வாள்.

"இன்னொரு தடவை கோவமா பண்ணுங்க"ன்னார்.

அப்புறம்தான் புரிஞ்சுது. வாளைப் புதுக் கட்டத்துல போட்டதும் அங்க வந்துடும். பழைய கட்டத்துல படம் மெல்ல மங்கி மறையணும்னு அழகுக்காக வச்சிருந்தாங்க. அது மறைஞ்சு முடிஞ்சாத்தான் அங்கேர்ந்து வாள் நிஜமா போகும். அந்தக் கண் இமைக்கிற நேரத்துக்குள்ள பழைய கட்டத்துலேர்ந்து மறுபடி இழுத்தா, கேம் இன்னொரு வாளைக் கொடுத்துடும். எனக்கு வேர்க்கடலைப் பொட்டலத்துக்குப் போற மாதிரி கை தானா பழைய இடத்துக்கே திரும்பும். யாருக்காவது காட்டும்போது மட்டும் நிறுத்தி நிதானமா பண்ணியிருக்கேன்.

அவர் மேடத்தைக் கூட்டிட்டு வந்தார். அவங்க பின்னாடி வந்து நின்னதும் என் கை மறுபடி பயந்துக்கிச்சு. ஒரே வாள். எனக்கு அழுகையே வந்துடுச்சு. "மேடம், அவங்க கையைப் பார்க்காதீங்க, பேச்சுக் கொடுங்க"ன்னார் அவர்.

மேடம் ஸ்ரீரங்கத்துலேர்ந்து வர எந்த பஸ்னு கேட்டாங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல மாறணும், அங்கதான் கூட்டம் உயிர் போகும்னு நான் புலம்ப ஆரம்பிச்சேன். பாதியில மேடம் என் தோள்ல கை வச்சு நிறுத்தினாங்க. பையில இருந்த கட்டமெல்லாம் வாள்.

மேடம் அவர் பக்கம் திரும்பி, "இவங்க எழுதினதுல முன்னாடி 'வரவில்லை'ன்னு மூடின அந்த ரெண்டையும் திறங்க"ன்னாங்க.